ஒரே வரி பில்

கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. பேனாவின் மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன்.

இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சம்மதப் படிவம் அது. பழுதுபார்த்த பில் எண்பத்து நாலாயிரம். தேய்மானக் கழிவு நாற்பத்திரண்டாயிரம். எப்படியும் நாங்களே ஏற்க வேண்டிய கட்டாயப் பங்கு ஆயிரம். மிச்சம் நாற்பத்தோராயிரம் எங்களுக்கு. 'இதை முழுமையான, இறுதியான தொகையாக ஏற்கிறேன்' என்று கீழே ஒரு வரி, அதற்கும் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. கோடு என்று ஒன்றைப் பார்த்தால் போதும், எனக்குக் கை பரபரக்கும். இருபது வருடம் விண்ணப்பப் படிவங்களோடு குடும்பம் நடத்தியவன் நான்.

"கையை எடுங்க" என்றாள் என் மனைவி.

எங்கள் டிரைவிங் ஸ்கூலில் லைசென்ஸ் என் பெயரில், அதிகாரம் அவள் கையில். வகுப்பறையில் சாலைக் குறியீடுகளைச் சொல்லிக்கொடுப்பது நான். காரில் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களிடம் உயிரை ஒப்படைப்பது அவள். எல்லோருக்கும் அவள் 'மாஸ்டரம்மா'. என்னை யாரும் மாஸ்டரய்யா என்று கூப்பிட்டதில்லை, எனக்கு அதில் வருத்தமும் இல்லை. கொஞ்சம் இருக்கலாம்.

விபத்து நடந்தது ஒரு பல் டாக்டரால். ஊரே வாயைத் திறந்து காட்டும் அந்த மனிதர், நின்றுகொண்டிருந்த தண்ணீர் லாரியைப் பார்த்ததும் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டார். மாஸ்டரம்மா தன் பக்கத்துப் பிரேக்கை அமுக்கியதால் ஆளுக்குச் சிராய்ப்புகூட இல்லை. காரின் முகம்தான் போய்விட்டது. பம்பர், பானட், ரேடியேட்டர், இரண்டு விளக்கு, முன் கண்ணாடி. செலவைத் தான் தருவதாக டாக்டர் கைகூப்பினார். "கத்துக்க வந்தவர் இடிக்காம வேற யார் இடிப்பா? அதுக்குத்தானே பாலிசி போட்டிருக்கோம், பழகுறவங்க ஓட்டுறதுக்கும் சேர்த்துப் பிரீமியம் கட்டியிருக்கோம்" என்று அனுப்பிவிட்டாள். இப்போது அந்தப் பாலிசி பாதியை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருந்தது.

"மூணு வயசு வண்டிங்க. மூணு வயசுல எதுங்க பாதியாத் தேயும்? எனக்கு இந்த வீட்டுக்கு வந்து இருபத்தாறு வருஷமாச்சு, நானே இன்னும் பாதியாகல."

"அதை நான் சொன்னா நல்லா இருக்காது" என்றேன்.

பாலிசியின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் ஒரு தேய்மான அட்டவணை உண்டு. அன்றைக்குத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பிளாஸ்டிக், ரப்பர் சாமானுக்குப் பாதி கழிப்பார்கள். இரும்புக்கு வண்டியின் வயதைப் பொறுத்து. மூன்று முடிந்து நான்கு முடியாத வண்டிக்கு நூற்றுக்கு இருபத்தைந்து. கண்ணாடிக்குக் கழிவே இல்லை. பெயின்ட் என்றால் பெயின்ட் பொருளுக்கு மட்டும் பாதி. கூலிக்குக் கிடையாது. செய்த வேலை எப்படித் தேயும்? இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் மொத்தத்தில் பாதி போவதற்கு வழியே இல்லை.

"எந்தச் சாமானுக்கு எவ்வளவு கழிச்சாங்கன்னு தாள் குடுக்கச் சொல்லுங்க. தாளைப் பார்த்துட்டுத்தான் பேச்சு" என்றாள்.

மேல்முறையீட்டை எழுதினேன். கிளெய்ம் எண், பாலிசி எண், வண்டி பதிவான தேதி, விபத்துத் தேதி. கழிவை நாங்கள் ஏற்கவில்லை, ஆகவே சம்மதப் படிவத்தில் கையெழுத்திடவில்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் பில் தொகை என்ன, எந்த வகையில் சேர்த்தீர்கள், எத்தனை சதவீதம் கழித்தீர்கள் என்று காட்டும் கணக்குத் தாளும் சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் அறிக்கை நகலும் தேவை. மறுபரிசீலனை செய்து பதில் தரவும். இவ்வளவுதான். மாஸ்டரம்மா நடுவில் 'பகல் கொள்ளை' என்று ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னாள். சேர்த்தேன் என்று சொல்லிவிட்டுச் சேர்க்காமல் அனுப்பினேன். இருபத்தாறு வருட இல்லறத்தின் ரகசியம் இதில்தான் இருக்கிறது.

கடிதம் போனது. கார் வரவில்லை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

காரைச் சரிசெய்தது அவள் தம்பி. சந்தைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட டிங்கரிங் ஷெட் அவனுடையது. நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துவதில் அவன் கை ஒரு அதிசயம். விரல் நுனியால் தடவிப் பார்த்தே எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சொல்லிவிடுவான். தாய் போனபோது அவனுக்கு ஏழு வயது, இவளுக்குப் பதினேழு. படிக்க வைத்தாள், தொழில் பழக அனுப்பினாள், ஷெட் போட முன்பணம் கொடுத்தாள். கொடுத்துக் கொடுத்து அந்தக் கைக்கு வாங்குவது எப்படி என்பதே மறந்துபோயிற்று. எங்கள் வண்டிக்கு அவன் ஒரு வைப்பர் மாட்டினால் இவள் வைப்பருக்குக் காசை மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பாள். பழம் கொண்டுவந்தால் இரண்டு மடங்கு பழம் அவன் வீட்டுக்குப் போய்ச் சேரும். ஒருமுறை காற்று அடித்ததற்குக்கூடச் சில்லறை வைத்தாள். அவன் அழாத குறை.

ஆகவே சட்டம் என்னவென்றால், பில் பாக்கி முழுவதும் தீராமல் கார் ஷெட்டை விட்டு நகராது. கம்பெனி பங்கும் எங்கள் பங்கும் சேர்ந்து அவன் கையில் விழ வேண்டும். மதிப்பீடு போட்ட அன்று சர்வேயர் உத்தேசமாகச் சொன்னபடி, எங்கள் பங்கு என்று இருபத்தேழு, இருபத்தெட்டாயிரம் எடுத்து வைத்திருந்தோம். இப்போது நாற்பத்து மூன்றாயிரம் வேண்டும். கார் பளபளவென்று தயாராக நிற்கிறது. எங்களிடம் இருப்பதோ அந்த ஒரே கார். இன்னும் இரண்டு வாரத்தில், ஒரு திங்கள்கிழமை, நான்கு பேருக்கு ஓட்டுநர் தேர்வு. அடுத்த தெருவில் புதிதாக ஒரு ஸ்கூல் வந்திருக்கிறது, ஏ.சி. கார், முதல் வகுப்பு இலவசம். இந்த நான்கு பேரும் போனால் பின்னால் யாரும் வரமாட்டார்கள்.

மாஸ்டரம்மா அசரவில்லை. வகுப்பறையில் நாற்காலிகளைக் கார் மாதிரி போட்டாள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. ஸ்டியரிங்குக்கு ஒரு தட்டு, கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டருக்குத் தரையில் மூன்று செங்கல். பல் டாக்டர் தட்டைப் பிடித்துக்கொண்டு வியர்க்க வியர்க்கச் செங்கல்லை மிதித்தார்.

"கண்ணாடியப் பார்த்தீங்களா?"

"இல்லாத கண்ணாடிய எப்படி மாஸ்டரம்மா பார்க்கிறது?"

"இருந்தப்போவும் நீங்க பார்க்கல டாக்டர். நடுச் செங்கல்! நடுச் செங்கல்! அதான் பிரேக்கு!"

நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை இப்படிப்பட்ட நேரங்களில்தான் யாரிடமாவது சொல்லத் தோன்றும். சொல்ல ஆளில்லாததால் உங்களிடம் சொல்கிறேன்.

மறுநாள் மச்சினன் வந்தான். உள்ளே வராமல் என்னை வெளியே கூப்பிட்டான்.

"மாமா, வண்டிய எடுத்துட்டுப் போகச் சொல்லு. காசு என்ன ஓடியா போகுது?"

"உங்க அக்காகிட்ட நீயே சொல்லு மாப்ள."

"எனக்கு என்ன பைத்தியமா?" என்றான். பிறகு தயங்கி, "கம்பெனிக்காரன் தாள் எதுவும் அனுப்பிட்டானா?" என்று கேட்டான். இன்னும் இல்லை என்றேன். முகம் ஒரு மாதிரி ஆனது. பார்ட்ஸ் கடைக்குக் கடன் நிற்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். பிறர் மனதைப் படிப்பதில் நான் எப்போதும் இப்படித்தான்.

கடிதம் போன ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, கணக்குத் தாள் மெயிலில் வந்தது. பிரின்ட் எடுத்தேன். நான் எதிர்பார்த்தது இருபது வரி. இருந்தது ஒன்று.

'முன்பக்க வேலை முழுவதும்: 84,000. பிரிவு விவரம் இல்லை. அதிகபட்ச விகிதம் 50%. கழிவு 42,000.' அதன் கீழே குறிப்பு என்று பொடி எழுத்தில் இரண்டு வாக்கியம். 'பாகவாரியாகப் பிரித்த பில் கேட்டுப் பழுதுபார்ப்பவரைத் தொலைபேசியில் இருமுறை தொடர்புகொண்டும் கிடைக்கவில்லை. மதிப்பீட்டில் அனுமதித்த கூலி 22,000 பில்லில் காட்டப்படாததால் கணக்கில் எடுக்கவில்லை.'

மாஸ்டரம்மா தாளை இரண்டு முறை படித்தாள். செருப்பை மாட்டினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

அந்தப் பில்லைக் கம்பெனியில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். ஒரே வரியில் இருந்ததை நானும் பார்த்தேன். என்னவென்று கேட்கவில்லை. ஷெட்டில் வெளியாளுக்குத்தான் வரிவரியாகப் பில், சொந்தக்காரர்களுக்கு எப்போதும் ஒரே வரி. அதற்கு மேல் கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் குடும்பத்தின் மரியாதையே அந்த ஒரு வரிதான். வேலைக்கு முன் போட்ட மதிப்பீடு ஒரு லட்சத்து ஆறாயிரம், பில் எண்பத்து நாலாயிரம், ஏன் குறைந்தது என்று அக்கா கேட்டதற்கு "பார்ட்ஸ் விலை இறங்கிருச்சுக்கா" என்றான். உலகத்தில் எந்தப் பார்ட்ஸ் விலை இறங்கியிருக்கிறது? அதையும் நம்பினோம்.

ஷெட்டில் அவன் ஒரு கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். அக்காவின் கையில் தாளைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"கூலி எங்கடா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"கேக்கிறேன்ல. இருபத்திரண்டாயிரம் கூலி. எங்க?"

"போடலக்கா."

"அதுக்குத்தான் பிரிச்சு எழுதலயா? சர்வேயர் ரெண்டு வாட்டி கேட்டப்போ என்ன சொன்னே?"

"எல்லாம் சேர்த்துத்தான் சார்னேன்" என்றான். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான், நாற்பத்திரண்டு வயதில். "பிரிச்சு எழுதினா கூலிக் கட்டம் காலியா இருக்கும். நீ பார்த்துருவே. பார்த்தா மேஜைமேல காசை வெச்சுட்டுப் போயிருவே. ஒரு தடவையாவது உனக்கு ஏதாவது செய்யலாம்னு…"

"எனக்கா செஞ்சே? கூலிக்குத் தேய்மானமே கிடையாதுடா மடையா! நீ போட்டிருந்தா முழுசா அவங்க குடுத்திருப்பாங்க. எனக்கு விட்டுக்குடுக்கிறேன்னு கம்பெனிக்கு விட்டுக்குடுத்திருக்கே!"

அவனுக்கு அது தெரியாது. எங்களுக்கும்தான் தெரியாது, பூதக்கண்ணாடி எடுக்கும்வரை. மதிப்பீட்டில் பார்த்த பாகவாரித் தொகைகளை வைத்து என் தலைக்குள் கணக்கு ஓடியது. அவன் பிரித்து எழுதி, கூலியும் போட்டிருந்தால் எங்கள் கையிலிருந்து போவது இருபத்தேழரை ஆயிரம். கூலி போடாமல் பிரித்து மட்டும் எழுதியிருந்தாலும் அதே இருபத்தேழரை. அவன் ராத்திரியெல்லாம் யோசித்து அக்காவுக்குக் கொடுத்த பரிசு அக்காவைத் தொடவே இல்லை. அவன் மறைத்ததால் மட்டும் எங்களுக்குப் பதினைந்தரை ஆயிரம் கூடுதல். இதைச் சத்தமாகச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். அவன் டயர்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"நான் தொட்டா எதுவும் உருப்படாது" என்றான்.

அவள் கோபம் அங்கே நின்றது. அவன் அப்படிச் சொல்வதை அவளால் தாங்க முடியாது, சின்ன வயதிலிருந்தே. பக்கத்தில் போய் அவன் தலையிலிருந்த தகரத் தூளைத் தட்டிவிட்டாள். கொஞ்சம் பலமாகத்தான் தட்டினாள்.

"பில்லைப் பிரிச்சு எழுது. கடையில வாங்கின ரசீதெல்லாம் எடு. நாளைக்குக் கம்பெனிக்குப் போறோம். கூலியையும் எழுது, இருபத்திரண்டாயிரம். அந்தக் காசை நான் குடுக்கிறேன், நீ வாங்கிக்கோ. வாங்கினாத்தான் எழுதலாம். பொய்யா எழுதக் கூடாது."

அவன் எழுந்து போய் ரசீதுகளைத் தேடினான். சரி என்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கம்பெனி அலுவலகத்தில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். கிளெய்ம் பார்க்கும் பெண் சிறிய வயது, பெரிய ஜலதோஷம். கைக்குட்டையும் கையுமாக எங்கள் ஃபைலைப் பொறுமையாகப் புரட்டினாள். மாஸ்டரம்மா சண்டைக்கென்று கொண்டுவந்த குரலை அந்தத் தும்மலைக் கேட்டதும் பாதியாகக் குறைத்துக்கொண்டாள்.

"பிரிவு விவரம் இல்லன்னா உங்களுக்கே லெட்டர் போட்டிருக்கணும். சர்வேயர் போனோட விட்டுட்டார், அது எங்க பக்கத்துத் தப்பு" என்றாள் அந்தப் பெண். "பிரிச்ச பில்லும் பார்ட்ஸ் ரசீதும் குடுங்க, திருத்தின அறிக்கை கேட்டு அனுப்பிடறேன்."

மச்சினன் காகிதத்தை நீட்டினான். இரும்புச் சாமான் நாற்பத்து நாலாயிரம். பிளாஸ்டிக் இருபத்து நாலாயிரம். கண்ணாடி ஒன்பது. பெயின்ட் ஏழு. கடைசியில் கூலி என்று எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தான். மாஸ்டரம்மா எட்டிப் பார்த்துவிட்டு மூச்சை இழுத்தாள்.

அந்தப் பெண் அட்டவணைப்படி தட்டிப் பார்த்தாள். "இரும்புக்குக் கால்வாசி, பிளாஸ்டிக்குப் பாதி, கண்ணாடி முழுசு, பெயின்ட்ல பாதி… ஐம்பத்தேழாயிரத்து ஐந்நூறு வருது. கட்டாயப் பங்கு ஆயிரம் போக ஐம்பத்தாறாயிரத்து ஐந்நூறு. சர்வேயர் ஒத்துக்கிட்டா இதுதான் வரும், ஒத்துக்குவார்." பிறகு விரலைக் கூலிக் கட்டத்தில் வைத்தாள். "இது காலியா இருக்கே. மதிப்பீட்டுல அனுமதிச்சிருக்கு. நிஜமா வாங்கியிருந்தா ரசீதோட போடுங்க சார், கேட்டுப் பார்க்கலாம். கூலி வாங்கினீங்களா?"

"வாங்கல" என்றான்.

"இப்பவே குடுக்கிறேன்" என்று மாஸ்டரம்மா கைப்பையைத் திறந்தாள். "இந்தாடா, பிடி. மேடம், இப்ப வாங்கிட்டான், எழுதிக்கோங்க."

அவன் கையை நீட்டவில்லை. இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டான். நகக்கண்ணெல்லாம் கறுப்பு, அதற்காகவே எப்போதும் ஆபீஸ்களில் அப்படி வைத்துக்கொள்வான்.

"அக்கா, அந்தப் பானட்ட நான் கூலிக்கு மாட்டல" என்றான். "இப்ப காசு வாங்கினா அது கூலிக்குச் செஞ்ச மாதிரி ஆயிரும். அது பொய்க்கா. நீதானே பொய்யா எழுதக் கூடாதுன்னே."

அந்தப் பெண் தும்மலை அடக்கிக்கொண்டாள். மாஸ்டரம்மா பணக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவனைப் பார்த்தாள். எனக்கு அவளுடைய ஒவ்வொரு பார்வையும் தெரியும் என்று நினைத்திருந்தேன். இது புதிது. இத்தனை வருடம் தான் வளர்த்தது யாரை என்று அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தவள் மாதிரி இருந்தது.

பணத்தை மெதுவாகப் பைக்குள் வைத்தாள்.

"அப்ப கூலி கிடையாது" என்றாள் அந்தப் பெண், கொஞ்சம் சங்கடத்தோடு. "ஆனா ஏன் இல்லன்னு உங்க பக்கத்துலேருந்து ரெண்டு வரி வேணும் சார். இல்லன்னா ஆடிட்ல கேப்பாங்க."

காகிதம் கொடுத்தாள். நான் எழுதினேன்: 'பழுதுபார்த்தவர் என் மனைவியின் தம்பி. ஆகவே கூலி வாங்கவில்லை.' மாஸ்டரம்மா என் தோளுக்கு மேலாகப் படித்தாள்.

"'வாங்கவில்லை'ன்னா அவன் ஏதோ மறந்துபோய் விட்ட மாதிரி இருக்குங்க. அடிச்சுட்டு எழுதுங்க."

"என்னன்னு?"

"'கூலியை எங்களுக்குக் கொடுத்துவிட்டார்'னு எழுதுங்க." கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "'நாங்கள் வாங்கிக்கொண்டோம்'னும் எழுதுங்க."

எழுதினேன். கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவள் பேனாவைப் பிடுங்கி, பாலிசியில் பெயரே இல்லாத தன் கையெழுத்தையும் என்னுடையதற்குக் கீழே போட்டாள். வேண்டியதில்லை என்று சொல்ல அந்தப் பெண் வாயெடுத்தாள், அப்புறம் சொல்லவில்லை. திருத்திய தொகை வர ஒரு வாரம் ஆகலாம் என்று மட்டும் சொன்னாள்.

வெளியே படியில் இறங்கும்போது மச்சினன் இரண்டு படி பின்னால் வந்தான், திட்டு விழும் என்று காத்திருப்பவன் போல. மாஸ்டரம்மா கடைசிப் படியில் நின்று திரும்பினாள். பில் பாக்கியில் ஒரு காசுகூட இன்னும் அவனுக்குப் போகவில்லை. கம்பெனி பணம் வரவில்லை, எங்கள் பங்கு அவள் பையிலேயே இருந்தது.

"திங்கக்கிழமை நாலு பேருக்கு டெஸ்ட் இருக்கு" என்றாள். கையை அவன் முன்னால் விரித்து நீட்டினாள். "சாவியக் குடுடா."

அவனிடம் அவள் 'குடு' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அவனும் கேட்டிருக்க மாட்டான். சட்டைப் பையில் தேடினான், கால்சட்டைப் பையில் தேடினான். சாவி அவன் கையிலேயே இருந்தது. கண் கலங்கியிருந்ததால் அது அவனுக்குத் தெரியவில்லை.